‘ஸ்டேபிள்’ ஒரு பெயரல்ல

2023 ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மொத்த வியாபாரம் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றின் கணக்கர் என்னை அழைத்தார். “நேற்று இரவு வரவேண்டிய விற்பனைச் சுருக்கம் வரவில்லை சார். நாங்கள் எதையும் தொடவில்லை” என்றார். எதையும் தொடவில்லை என்று சொல்லும் இடங்களில்தான் எனக்குப் பிழைப்பு நடக்கிறது.

அவர்களுடைய சர்வரில் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தது. `/var/log/apt/history.log` கோப்பைத் திறந்து பார்த்தபோது விஷயம் வெளிச்சமானது. முந்தைய நாள் மதியம் யாரோ `apt upgrade` கொடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான தொகுப்புகள் மாறியிருந்தன. பிஎச்பி 7.4 இருந்த சர்வரில் 8.2 வந்து உட்கார்ந்திருந்தது. இரவுச் சுருக்கத்தைத் தயாரிக்கும் பழைய நிரலில் `each()` இருந்தது. அது பிஎச்பி 8.0-இல் நீக்கப்பட்டுவிட்டது. வழக்கமான சிறு புதுப்பிப்பு இவ்வளவு தூரம் போகாது. காரணம் `/etc/apt/sources.list` கோப்பில் இருந்த ஒரே ஒரு சொல்:

```
deb http://deb.debian.org/debian stable main
```

இந்த `stable` எந்தப் பதிப்பின் பெயரும் அல்ல. நாற்காலியின் பெயர். 2023 ஜூன் 10 சனிக்கிழமை வரை அதில் டெபியன் 11, அதாவது `bullseye` உட்கார்ந்திருந்தது. அன்று டெபியன் 12 வெளியானதும் `bookworm` வந்து உட்கார்ந்தது. கோப்பில் பதிப்பின் பெயரை எழுதியிருந்தால் சர்வர் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

டெபியன் பதிப்புகளுக்கு எண் இருக்கும்போது பெயர் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். விளையாட்டுப் புத்தி என்று நினைக்கிறார்கள். பெயர்களைத் தேர்ந்தெடுத்ததில் விளையாட்டு உண்டு. பெயர் வைத்ததற்கான காரணத்தில் இல்லை.

1995 டிசம்பரில் டெபியனின் முதல் பெரிய பதிப்பான 1.0 தயாராகிக்கொண்டிருந்தது. அப்போது பெரும்பாலோர் லினக்ஸைச் சிடியில்தான் வாங்கினார்கள். சிடி விற்கும் நிறுவனம் ஒன்று, வேலை முடியாமல் கிடந்த கோப்புகளை அள்ளிச் சிடியில் பதித்து, ‘டெபியன் 1.0’ என்று பெயரிட்டு விற்பனைக்கு அனுப்பிவிட்டது. அது சரியான பதிப்பு அல்ல என்று இரு தரப்பும் சேர்ந்து அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆனால் கடைக்குப் போன சிடியைத் திரும்ப அழைக்க முடியுமா? அதே எண்ணில் உண்மையான பதிப்பையும் வெளியிட்டால் எது அசல், எது அரைவேக்காடு என்று வாங்குபவருக்குத் தெரியாது. எனவே டெபியன் 1.0 என்ற எண்ணையே கைவிட்டது. 1996 ஜூனில் வந்த பதிப்பு 1.1.

அந்த அடிக்குப் பிறகு வந்த ஏற்பாடுதான் குறியீட்டுப் பெயர். வெளியாகும் நாள்வரை அந்தப் பதிப்பின் கோப்புறைக்குப் பெயர் மட்டும்தான் இருக்கும். எண் என்பது வாங்குபவரிடம் ‘முடிந்துவிட்டது’ என்று சொல்லும் முத்திரை. ‘பஸ்’ என்று பெயர் போட்ட கோப்புறையைப் பார்த்து எந்தச் சிடி வியாபாரியும் சரக்கு தயார் என்று நினைக்கமாட்டார். (நம் ஊர்ப் பேருந்து அல்ல, 1995-இல் வெளிவந்த ‘டாய் ஸ்டோரி’ படத்தின் விண்வெளி வீரப் பொம்மை. அப்போது டெபியனை வழிநடத்திய புரூஸ் பெரன்ஸ், அந்தப் படத்தை எடுத்த பிக்ஸாரில் வேலை பார்த்தவர்.) இன்றுவரை எல்லாப் பதிப்புகளுக்கும் அந்தப் படவரிசையிலிருந்துதான் பெயர். எப்போதும் உருவாக்கத்திலேயே இருந்து ஒருபோதும் வெளியாகாத கிளைக்கு `sid`. படத்தில் பொம்மைகளை உடைத்துப் போடும் பக்கத்து வீட்டுப் பையன். இதைவிடப் பொருத்தமாக வைக்க முடியாது.

இன்னொரு லாபமும் கிடைத்தது. உலகம் முழுவதும் டெபியன் கோப்புகளைப் பிரதியெடுத்து வைக்கும் சர்வர்கள் உண்டு. வெளியீட்டு நாளில் கோப்புறையை இடம் மாற்றினால் அத்தனை சர்வர்களும் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். பெயரிட்ட கோப்புறை அப்படியே இருக்க, `stable` என்ற சுட்டியை மட்டும் அதன்பக்கம் திருப்பினால் வேலை முடிந்தது.

இன்னொரு லினக்ஸான உபுண்டுவின் கதையில் எண்ணின் சங்கடம் வேறு வகை. அங்கே எண் என்பது வெளியாகும் ஆண்டும் மாதமும். 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு 6.04 ஆகியிருக்கும். மெருகேற்ற ஆறு வாரம் கூடுதலாகத் தேவைப்பட்டு ஜூன் முதல் தேதி வெளியானதால் 6.06 ஆகிவிட்டது. எண்ணை நம்பி கோப்புறைகளுக்குப் பெயரிட்டிருந்தால் எல்லாவற்றையும் மாற்றியிருக்க வேண்டும். `dapper` என்ற பெயரில் இருந்ததால் ஒன்றையும் தொட வேண்டியிருக்கவில்லை. தேதி தெரியாத பொருளுக்குத் தேதியைப் பெயராக வைக்க முடியாதல்லவா.

பொருளை விற்கும் நிறுவனங்களுக்கு வேறு கணக்கும் இருக்கிறது. விற்பனைப் பெயர் வேறு யாருடைய வணிக முத்திரையோடும் மோதவில்லை என்று வழக்கறிஞர்கள் பார்த்து முடிக்க நாளாகும். பொறியாளர்களுக்கோ முதல் நாளே கோப்புக்கு ஒரு பெயர் வேண்டும். உள்ளே மட்டும் புழங்கும் பெயர்தானே என்ற துணிச்சலும் வரும். அந்தத் துணிச்சலுக்கு ஆப்பிள் விலை கொடுத்தது. 1994-இல் வெளிவந்த பவர் மேக்கின்டாஷ் 7100-க்கு உள்ளே வைத்திருந்த பெயர், வானியலாளர் கார்ல் சேகனுடையது. பத்திரிகை வழியாகச் செய்தி கசிந்தது, சேகன் ஆட்சேபித்தார். பெயரை மாற்றிய பொறியாளர்கள் அவரைக் கிண்டலடிக்கும் சுருக்கெழுத்தாக மாற்றினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். அது தள்ளுபடியானாலும் பெயர் மறுபடி மாறியது. உள்பெயர் வெளியே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வாடிக்கையாளர் கண்ணில் பட்டால் வெட்கப்படவேண்டிய பெயரை என் குழுவில் நான் அனுமதிப்பதில்லை.

கணக்கரின் சர்வருக்கு வருவோம். வெளியீட்டுக்குப் பின் முதல் முறை `apt update` கொடுக்கும்போது, களஞ்சியத்தின் ‘Codename’ `bullseye`-இலிருந்து `bookworm` ஆக மாறிவிட்டது, ஏற்கலாமா என்று கருவி கேட்கும். யாரோ படிக்காமல் `y` தட்டியிருக்கிறார்கள். புதிய பதிப்பிலிருந்து பழையதற்குத் திரும்புவதை டெபியன் ஆதரிப்பதில்லை. காப்புப் பிரதியிலிருந்து மீட்கலாம், அல்லது முன்னோக்கியே போகலாம். அவர்களிடம் இருந்த பிரதி மூன்று வாரம் பழையது. எனவே நிரலில் மூன்று இடங்களில் `each()`-ஐ `foreach` ஆக மாற்றினேன். அரைகுறையாக நின்ற மேம்படுத்தலை வெளியீட்டுக் குறிப்புகளைப் பார்த்துப் படிப்படியாக முடித்தேன். பிறகு `stable` இருந்த இடத்தில் `bookworm` என்றும், பாதுகாப்பு வரியில் `bookworm-security` என்றும் எழுதினேன்.

உங்கள் சர்வரில் என்ன இருக்கிறது என்று பார்க்க இரண்டு கட்டளை போதும்:

```
grep VERSION_CODENAME /etc/os-release
grep -r stable /etc/apt/
```

இரண்டாவது கட்டளை காட்டும் வரிகளில், களஞ்சிய முகவரியை அடுத்து `stable` நின்றால் கவனிக்க வேண்டும். அது டெபியனின் சொந்தக் களஞ்சியமா என்பதையும் பாருங்கள். வேறு சில மென்பொருள்களின் களஞ்சியங்கள் அந்தச் சொல்லை வேறு பொருளில் வைத்திருக்கும், அவற்றைத் தொட வேண்டாம்.

பெயரை எழுதுவதற்கும் ஒரு விலை உண்டு. சர்வர் தானாக முன்னேறாது; அந்தப் பதிப்பின் ஆதரவுக் காலம் முடிந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் சத்தமில்லாமல் நின்றுவிடும். பின்னர் கோப்புகள் `archive.debian.org`-க்கு நகர்த்தப்பட்டதும் `apt update` 404 என்று பிழை காட்டத் தொடங்கும். திருத்தங்கள் நின்றதற்கும் அந்தப் பிழை தெரிவதற்கும் இடையே பல மாதங்கள் போகலாம் என்பதால், கணக்கரின் நாட்காட்டியில் ஆதரவு முடியும் தேதியைக் குறித்துவைத்துவிட்டு வந்தேன்.