அருகலை அழைப்பும் வோல்ட்டியும்

வீட்டில் சிக்னல் குறைந்தால், போனில் இருக்கும் வைஃபை காலிங், வோல்ட்டி ஆகிய இரண்டு வசதிகளில் எது உதவும்? முதலில் பெயர்களைப் பார்ப்போம். வைஃபை என்பதை 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்று விரித்து எழுதுகிறார்கள். உண்மையில் அது எதன் சுருக்கமும் அல்ல. 1999இல் இன்டர்பிராண்ட் நிறுவனம் சூட்டிய வணிகப் பெயர் அது. ஹைஃபை என்ற பழகிய சொல்லின் ஓசையை ஒட்டியது. தமிழில் 'அருகலை' என்கிறோம். அருகில் மட்டும் எட்டும் அலை என்று இயல்பையே சொல்லிவிடுவதால் மூலத்தைவிட இது நல்ல சொல். அதனால் மொபைல் அழைப்பை வைஃபை வழியாகப் பேசும் வைஃபை காலிங் 'அருகலை அழைப்பு'.

VoLTE, அதாவது வோல்ட்டி, 'வாய்ஸ் ஓவர் எல்டிஇ' என்பதன் சுருக்கம். எல்டிஇயின் விரிவான 'லாங் டேர்ம் எவல்யூஷன்' என்பதை 'நெடுங்காலப் படிவளர்ச்சி' என்று பெயர்த்தால் சொல்லுக்குச் சொல் சரிதான். கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. '4ஜி வழிக் குரல்' என்றே சொல்வேன். 4ஜி வலையமைப்பு தரவுக்கென்று கட்டப்பட்டது. அதனால் முதலில் அழைப்பு வந்ததும் போன் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிப் பேசியது. வோல்ட்டியில் குரலும் தரவாக மாறி 4ஜியிலேயே போகிறது. 2016இல் ஜியோ 2ஜி, 3ஜி இல்லாமலே சேவை தொடங்கியபோது இந்தச் சொல் இங்கே பரவியது.

சிக்னல் குறைந்த வீட்டுக்கு எது உதவும்? வோல்ட்டிக்கு 4ஜி சிக்னல் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். வராத சிக்னலை அது வரவழைக்காது. அருகலை அழைப்போ கோபுரத்தை விட்டுவிட்டு, வீட்டு பிராட்பேண்ட் வழியாக நம் மொபைல் நிறுவனத்தை அடைகிறது. அதே எண், அதே டயலர். தனிச் செயலி வேண்டாம், எதிர்முனையில் வைஃபை இருக்கவும் வேண்டாம்.

எங்கள் வீடு கான்கிரீட் கூரை போட்ட கீழ்த்தளம். பின்னறையில் ஒரு கோடு சிக்னல்தான். அம்மாவின் போனில் Wi-Fi calling-ஐ இயக்கிய பிறகும் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. பல போன்கள் சிக்னல் முற்றும் போகும்வரை அந்த ஒற்றைக் கோட்டையே பிடித்துக்கொண்டிருக்கும். ஏர்பிளேன் மோடு போட்டு, வைஃபையை மட்டும் மீண்டும் இயக்கி அழைத்துப் பார்த்தேன். தெளிவாகக் கேட்டது. அழைப்பு அருகலையில் போகிறதா என்று அறிய இதுவே நம்பகமான சோதனை. போனோ மொபைல் நிறுவனமோ அருகலை அழைப்பை ஆதரிக்கவில்லை என்றால் அழைப்பே போகாது. அம்மாவின் போனில் 'வைஃபைக்கு முன்னுரிமை' என்ற அமைப்பும் இருந்தது. அதைத் தேர்ந்ததும் ஏர்பிளேன் மோடு தேவைப்படவில்லை.

வோல்ட்டியை அணைத்துவிடாதீர்கள். பேசிக்கொண்டே வாசலுக்கு வந்தால், அருகலையில் இருக்கும் அழைப்பு அறுபடாமல் தாவ வேண்டிய இடம் அதுதான். கரண்ட் போனால் ரவுட்டரோடு அருகலை அழைப்பும் போகும். முதியோர் தனியே இருக்கும் வீட்டில் ரவுட்டருக்கு ஒரு சிறு யூபிஎஸ் வைத்துவிடுங்கள்.