விடியற்காலையில் வழுக்கும் தங்கம்

போன மாதம் பெரியம்மா போனில் கேட்டார். "ஏன்டா, காலையில நகைக்கடை போர்டுல ஒரு விலை போட்டிருக்கான். சாயங்காலம் போனா வேற விலை. பகல்ல கடைக்குள்ள அப்படி என்னதான்டா நடக்குது?"

கடைக்குள் ஒன்றும் நடக்கவில்லை. நடப்பதெல்லாம் லண்டனிலும் நியூயார்க்கிலும்தான். ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்தத் தங்கம் எத்தனை டாலர் என்பது அங்கே முடிவாகிறது. அதை ரூபாயாக்கி, இறக்குமதி வரியைச் சேர்த்து, 22 காரட்டுக்குக் கணக்குப் போட்டால் போர்டு விலையை ஏறக்குறைய நெருங்கிவிடலாம். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த டாலர் விலை ஒரு நேரத்தில் ஆடாமல் நிற்பதும், இன்னொரு நேரத்தில் துள்ளுவதும், வேறொரு நேரத்தில் காரணமே இல்லாமல் வழுக்குவதும்தான் எனக்குப் பிடித்த பகுதி.

தங்கச் சந்தை வார நாட்களில் கிட்டத்தட்ட தூங்குவதே இல்லை. கோடைக்காலக் கணக்கில், நமக்குத் திங்கள் அதிகாலை 3.30 என்றால் நியூயார்க்கில் ஞாயிறு மாலை 6 மணி. அப்போதே அங்குள்ள காமெக்ஸ் சந்தையின் மின்னணு வர்த்தகம் திறந்துவிடும். அப்புறம் டோக்கியோவும் ஷாங்காயும் சிங்கப்பூரும் வரிசையாக விழிக்கும். நம் மதியத்தில் லண்டன் வரும், மாலை 5.30 வாக்கில் நியூயார்க்கின் ஆட்கள் மேசைக்கு வருவார்கள். அதன்பின் சுமார் 4 மணி நேரம் லண்டனும் நியூயார்க்கும் ஒன்றாக விழித்திருக்கும். ஒரு நாளின் மிக நெரிசலான நேரம் இதுதான்.

செய்தி வருவதும் இந்த நேரத்தில்தான். அமெரிக்காவின் வேலைவாய்ப்புக் கணக்கு, விலைவாசிக் கணக்கு எல்லாம் நியூயார்க் நேரம் காலை 8.30க்கு வெளியாகும். நமக்கு அது மாலை 6 மணி. நம் மாலை நேரத்தில் விலை துள்ளுவதற்கு முக்கியக் காரணம் இது. விடியற்காலையில் விலை வழுக்குவதன் காரணம் கொஞ்சம் நுணுக்கமானது. அதற்கு ஒரு பழைய வார இறுதியைப் பார்க்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 6, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் ஒரே மாதத்தில் 9,43,000 பேர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாகக் கணக்கு வந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம். பொருளாதாரம் தேறினால் வட்டி ஏறும், வட்டி ஏறினால் வட்டியே தராத தங்கத்தை யார் வைத்திருப்பார்கள்? சுமார் 1,800 டாலரில் இருந்த விலை அன்று 1,763 டாலர் வரை இறங்கியது. பெரிய செய்தி, நெரிசலான நேரம், 40 டாலர் சரிவு.

சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் நமக்கு இன்னும் விடியவில்லை. புதிய செய்தி எதுவும் இல்லை. சந்தை திறந்து கொஞ்ச நேரத்தில், சில நிமிடங்களுக்குள், விலை 1,690 டாலருக்கும் கீழே போய்விட்டது. செய்தியோடு விழுந்தது 40 டாலர், செய்தியே இல்லாமல் விழுந்தது 70 டாலருக்கு மேல். எப்படி?

இங்கேதான், யார் என்ன விலைக்கு வாங்கவோ விற்கவோ காத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை, அதாவது ஆர்டர் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். சந்தை விலை என்பது தங்கத்துக்குள் ஒட்டியிருக்கும் எண் அல்ல, கடைசியாக முடிந்த ஒரு வியாபாரத்தின் எண். அதற்குக் கீழே வாங்குகிறவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதுபோல வரிசையாக இருப்பார்கள். காமெக்ஸில் ஒரு படியின் உயரம் 10 சென்ட். ஒரு ஒப்பந்தம் 100 அவுன்ஸ், அதாவது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: மாலை நேரத்தில் ஒவ்வொரு படியிலும் 50 ஒப்பந்தங்களை வாங்க ஆள் இருக்கிறது. ஒருவர் வந்து 1,000 ஒப்பந்தங்களை, என்ன விலையானாலும் சரி என்று கொட்டுகிறார். 20 படிகள் காலியாகும், விலை 2 டாலர் இறங்கும். விடியற்காலையில் படிக்கு 5 ஒப்பந்தங்களுக்குத்தான் ஆள் இருக்கிறது. அதே 1,000 ஒப்பந்தங்கள் 200 படிகளைத் தின்றுவிடும், விலை 20 டாலர் இறங்கும். விற்றவரும் அவரே, சரக்கும் அதுவே. மாறியது வாங்க உட்கார்ந்திருந்தவர்களின் எண்ணிக்கை மட்டும்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியலில் வரும் மல்லிகை மூட்டையையும், வியாபாரிகள் கலைந்தபின் பதினொரு மணிக்கு வரும் மூட்டையையும் நினைத்துப் பாருங்கள்.

கதை 20 டாலரோடு நிற்காது. கீழ்ப்படிகளில் ஸ்டாப்-லாஸ் ஆர்டர்கள் ஒளிந்திருக்கும். "விலை 1,750க்கு இறங்கினால் என்னுடையதை விற்றுவிடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனவர்களின் ஆர்டர்கள் அவை. வெள்ளிக்கிழமை அடி வாங்கியவர்கள் நிறையப் பேர் அப்படிச் செய்வது வழக்கம். விலை அந்தப் படியைத் தொட்டதும் அவை தானாகவே விற்பனையாக மாறி அடுத்த படிகளைத் தின்னும், அங்கே அடுத்த ஸ்டாப்-லாஸ் விழிக்கும். இதற்கிடையில் வாங்கவும் விற்கவும் விலை சொல்லிக்கொண்டிருக்கும் பெரிய வியாபாரிகளின் கணினிகள் பயந்து பின்வாங்கும். இருந்த ஐந்து பேரும் எழுந்து போய்விட்ட படிக்கட்டு.

அன்று இன்னொரு தற்செயல். ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் அரசு விடுமுறை. வழக்கமாக அந்த நேரத்தில் படியில் உட்காரும் ஆட்களிலும் பலர் வரவில்லை. 2015 ஜூலை 20 அன்றும் இதே மாதிரிதான்: திங்கள், ஆசியக் காலை, ஜப்பானில் விடுமுறை, சில நிமிடங்களில் 1,088 டாலர் வரை வீழ்ச்சி. விற்க நினைப்பவருக்கு இது மோசமான நேரம் என்று தெரியாதா என்றால், ஸ்டாப்-லாஸுக்கு நேரம் காலம் தெரியாது என்பதுதான் பதில்.

சரி, வந்தது நிஜமான சரிவா, ஆள் இல்லாத வழுக்கலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய சந்தை விழிக்கும்வரை பொறுத்துப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. அந்தத் திங்களன்று விலை விரைவில் ஏறத் தொடங்கி, நாள் முடிவில் 1,730 டாலர் அருகே நின்றது. அதாவது, விழுந்ததில் ஏறக்குறைய பாதி வெறும் வழுக்கல். மீதி, வெள்ளிக்கிழமைச் செய்தி இன்னும் மெதுவாகச் செரித்துக்கொண்டிருந்ததன் விளைவாக இருக்கலாம். அந்த வார முடிவில் 1,763ஐயும் தாண்டிவிட்டது. தங்கம் வர்த்தகமாகும் நம் நாட்டுச் சந்தையான எம்சிஎக்ஸ் திறப்பது காலை 9 மணிக்கு. 1,690ஐ இங்கே யாரும் வாங்கும் விலையாகப் பார்க்கவே முடியவில்லை.

இதை வைத்து, "ஆசிய நேரத்தில் வாங்கி நியூயார்க் நேரத்தில் விற்றால் லாபம்" என்று பாடம் நடத்துகிறவர்கள் யூடியூபில் இருக்கிறார்கள். ஆள் குறைந்த நேரத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இடைவெளி அகலமாக இருக்கும் என்பதை மட்டும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். லாபத்தின் பெரும்பகுதி அந்த இடைவெளியில் போய்விடும். அட்சய திருதியைக்கு நல்ல நேரம் குறித்துக் கொடுப்பவர்களாவது செய்கூலி உண்டு என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு இத்தனையும் சொல்லவில்லை. "காலை போர்டு முந்தைய ராத்திரி நியூயார்க் விட்டுப்போன விலையும், ஆசியா அதில் செய்த சில்லறை மாற்றமும். சாயங்கால போர்டுல லண்டன் சேர்ந்திருக்கும்" என்றேன். அமெரிக்கக் கணக்கு வரும் நாளில் மட்டும், ஆறு மணிக்குப் பிறகு நடப்பது மறுநாள் காலை போர்டில்தான் தெரியும் என்றும் சொன்னேன்.

"அப்போ அந்த ஆறு மணி எப்பவும் ஆறு மணிதானா?" என்றார். நல்ல கேள்வி. நவம்பரில் அமெரிக்கா கடிகாரத்தைத் திருப்பி வைக்கும், நாம் வைப்பதில்லை. அப்போது அது ஏழு மணி. எம்சிஎக்ஸ் தங்க வர்த்தகம் கோடையில் இரவு 11.30க்கும் குளிர்காலத்தில் 11.55க்கும் முடிவது அதனால்தான்.