எடுத்தது உண்மை, திருடியது உண்மையா?

எனக்குத் தெரிந்த ஒரு பையன் கல்யாண மண்டப வாசலில் இருந்து அடுத்தவர் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அதே மாடல், அதே கறுப்பு நிறம், தேய்ந்துபோன சாவி வேறு. மறுநாள் காலையில் நம்பர் பிளேட்டைப் பார்த்த பிறகுதான் அது தன் வண்டி இல்லை என்பதே அவனுக்குத் தெரிந்தது. பயத்தில் யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் கொல்லையில் நிறுத்தி வைத்திருந்தான், நான்காம் நாள் போலீஸ் வந்தது. ஸ்டேஷனில் கேட்டது ஒரே கேள்வி: "எடுத்தியா, இல்லையா?" எடுத்தேன் என்றான். திருட்டு வழக்கு, ரிமாண்ட். அவனுடைய சொந்த வண்டி அந்த மண்டப வாசலிலேயே நாலு நாளும் நின்றுகொண்டிருந்தது, அதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

சட்டத் தேர்வு விடைத்தாள்களிலும் இதே தவறைத்தான் பார்க்கிறேன். நாலு வரியில் ஒரு சம்பவத்தைக் கொடுத்து 'குற்றம் என்ன?' என்று கேட்டால், பாதிப் பேர் "எடுத்தான், ஆகவே திருட்டு" என்று முடித்துவிடுகிறார்கள். இன்று அப்படி விடை எழுதுகிறவர்தான் நாளைக்கு வழக்கு நடத்தப் போகிறவர் என்பதால் இதை எழுதுகிறேன்.

விதி சுருக்கமானதுதான். செய்த செயல் ஆக்டஸ் ரியஸ், செய்யும்போது இருந்த குற்ற எண்ணம் மென்ஸ் ரியா. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் (இ.பி.கோ.) இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். பிரிவு 303-இல் (பழைய இ.பி.கோ. 378) இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அடுத்தவர் கைவசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையின்றி எடுக்கும் எண்ணத்தோடு நகர்த்தினால் திருட்டு. நேர்மையின்றி என்றால் ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ இன்னொருவருக்கு முறையற்ற இழப்போ உண்டாக்கும் எண்ணம். அந்த எண்ணம் பொருளை நகர்த்துகிற அந்த நொடியில் இருக்க வேண்டும். எல்லோரும் வழுக்கி விழுவது இங்கேதான்.

பைக் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை நகர்த்தியபோது அது தன்னுடையது என்று அவன் நம்பினான். செயல் முழுசாக இருக்கிறது, எண்ணம் இல்லை, அதனால் திருட்டு இல்லை. மறுநாள் உண்மை தெரிந்ததே என்று கேட்பீர்கள். தெரிந்ததுதான், ஆனால் பின்னால் வந்த எண்ணத்தைக் கொண்டுபோய் முன்னால் நடந்த செயலோடு ஒட்டவைக்க முடியாது. அதற்காக அவன் முழுக்கத் தப்பித்தான் என்று எழுதிவிடாதீர்கள். பிரிவு 314 என்று ஒன்று இருக்கிறது, கையாடல். தன்னுடையது என்று நம்பி எடுத்தவன், தவறு தெரிந்த பிறகு நேர்மையின்றித் தன் உபயோகத்துக்கு வைத்துக்கொண்டால் அது கையாடல் என்று பழைய 403-இன் உதாரணத்திலேயே இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரை போகும் சிறை. ஆகவே அடுத்த கேள்வி, தெரிந்த பிறகு என்ன செய்தான் என்பது. அதில் வேலைக்குப் போய் வந்தானா, விற்க ஆள் பார்த்தானா, நம்பர் பிளேட்டை மாற்றினானா? அப்படியென்றால் 314. பயந்துபோய் நிறுத்தி மட்டும் வைத்திருந்தால், தன் உபயோகத்துக்கு ஆக்கிக்கொண்டான் என்று காட்டுவது அரசுத் தரப்புக்குக் கஷ்டம். தேர்வில் 'மறுநாள்', 'வீட்டுக்கு வந்த பிறகு' என்ற சொற்கள் வந்தால் அடிக்கோடு போடுங்கள், கேள்வி போட்டவர் அவற்றைச் சும்மா எழுதவில்லை.

இரண்டாவது பொறி, 'சொந்தப் பொருளை எடுத்தால் திருட்டாகாது' என்ற நம்பிக்கை. ஸ்கூட்டரை ரிப்பேருக்கு விட்டீர்கள், கூலி 4,500 ரூபாய் பாக்கி, பணம் தரும்வரை வண்டி தரமாட்டேன் என்கிறார் மெக்கானிக். ராத்திரி மாற்றுச் சாவியோடு போய் வண்டியை எடுத்து வந்துவிடுகிறீர்கள். ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறது, இருந்தும் இது திருட்டு. பிரிவு கேட்பது யாருக்குச் சொந்தம் என்பதை இல்லை, யார் கைவசம் இருந்தது என்பதை. வேலை செய்தவருக்குக் கூலி வரும்வரை பொருளை வைத்திருக்க ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 உரிமை கொடுக்கிறது, அந்தப் பிடிமானத்தைப் பறிக்கிற எண்ணம்தான் இங்கே நேர்மையின்மை. பாக்கியே இல்லையென்றால் விடை அப்படியே மாறிவிடும். கடைக்காரர் கையிலிருந்து பிடுங்கி வந்தாலும் திருட்டு ஆகாது, தாக்குதல், அத்துமீறல் என்று வேறு வழக்கு வரலாம். ஆகவே காட்சியில் 'பணம் பாக்கி' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பாக்கி இல்லை என்று வண்டிக்காரர் உண்மையாகவே நம்பியிருந்தால்? அப்போது உரிமை கோரலாக வாதிடலாம். சண்டி குமார் வழக்கில் (1965), குளத்து மீனைப் பிடித்தவர்கள் தங்களுக்கு உரிமை உண்டு என்று நேர்மையாகக் கோரியதால் திருட்டு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். வாய்ச்சொல் மட்டும் போதாது, அந்த நம்பிக்கைக்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். ரசீதை அன்றே வாங்கி வையுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

அப்புறம் 'திருப்பிக் கொடுத்துட்டேனே' என்கிற விடை. இங்கிலாந்துப் புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிறவர்கள் விழும் குழி இது. அங்கே 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் வேண்டும். இங்கே வேண்டாம். பியாரே லால் பார்கவா வழக்கில் அரசு அலுவலகத்தில் இருந்த ஒரு கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், நண்பருக்குக் கொடுத்து, காகிதங்களை மாற்ற வைத்துவிட்டு மறுநாளே திரும்ப வைத்தார்கள். தற்காலிகமாக எடுத்தாலும் திருட்டுதான் என்றது உச்ச நீதிமன்றம். தண்டனையைக் குறைக்க வேண்டுமானால் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லலாம், குற்றம் நடக்கவில்லை என்று காட்ட அது உதவாது.

இதெல்லாம் தாளில். ஸ்டேஷனில் என்ன நடக்கிறது என்றால், எஃப்.ஐ.ஆரில் 'நேர்மையற்ற எண்ணத்துடன் எடுத்துச் சென்றார்' என்ற வரி கிட்டத்தட்ட அச்சடித்த மாதிரி விழுந்துவிடுகிறது, அந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் நீங்கள். தவறான பொருளை எடுத்து வந்தது தெரிந்தால் அன்றைக்கே, ஒரு சாட்சியோடு, பொருளைக் கொண்டுபோய் ஒப்படைத்து எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். ஸ்டேஷனில் கொடுத்தால், பதிவு செய்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். 'அதெல்லாம் வேண்டாம், போங்க' என்பார்கள், போகாதீர்கள். உங்கள் சொந்த வண்டி பழைய இடத்திலேயே நின்றால் அதை நகர்த்தும் முன் படம் எடுங்கள். விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சட்டம் சொல்லவில்லை, குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 181 அப்படிக் கையெழுத்து வாங்கக் கூடாது என்றே சொல்கிறது. 'ஒரு கையெழுத்துதானே' என்று கேட்கும்போது அந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

தேர்வுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. கேள்வியில் தேதி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பி.என்.எஸ். நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. சம்பவம் ஜூன் 28 என்றிருந்தால் 303, 314 என்று எழுதக் கூடாது, இ.பி.கோ. 378, 379, 403 என்று எழுத வேண்டும். விசாரணை ஆகஸ்டில் நடந்தாலும் அப்படித்தான், செயல் நடந்த நாள்தான் கணக்கு.