கைபேசி சொன்னது 467,000, கொம்பனி போட்டது 312,000

சென்ற ஆண்டு ஒக்டோபர் முதல் கிழமை, எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கீழ்வீட்டுத் தம்பி ஒரு தாளோடு மேலே ஏறி வந்தான். செப்டெம்பர் 30ஆம் திகதியோடு வேலையை விட்டிருந்தான், அடுத்த மாதம் கட்டார் பயணம். கொம்பனி கொடுத்த இறுதிக் கணக்குத் தாள் ஒரு கையில், கைபேசி மறு கையில்.

"அக்கா, இவங்கள் என்னை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள் போல கிடக்கு. நெற்றில பார்த்தா பணிக்கொடை நாலு லட்சத்து அறுபத்தேழாயிரம் வரவேணும். இதில மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்தான் போட்டிருக்கு."

இருபது வருடமாகச் சம்பளப் பட்டியல் போட்டே பிழைப்பவள் நான். தாளை வாங்கிப் பார்த்ததில் இரண்டு தொகையுமே பிழை என்று தெரிந்தது.

முதலில் கைபேசியின் பிழை. தமிழில் தேடினால் முன்னுக்கு வருவது பெரும்பாலும் இந்தியக் கட்டுரைகள். அங்கே அப்போது இருந்தது 1972ஆம் ஆண்டுச் சட்டம். மாதச் சம்பளத்தை 26ஆல் பிரித்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குவார்கள். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அதையும் முழு வருடமாக எடுப்பார்கள். இலங்கையில் நடப்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடை கொடுப்பனவுச் சட்டம். மாதச் சம்பளக்காரருக்கு இங்கே 26உம் இல்லை, 15உம் இல்லை. கடைசியாக எடுத்த சம்பளத்தில் பாதி, அதைப் பூர்த்தியான வருடங்களால் பெருக்க வேண்டும். நாட்கூலிக்கு வேலை செய்பவர் என்றால் பாதிச் சம்பளத்துக்குப் பதிலாக வருடத்துக்கு 14 நாள் கூலி.

ஆக, முழுக் கணக்கும் இரண்டு எண்களில்தான் நிற்கிறது. கடைசிச் சம்பளம் எவ்வளவு, பூர்த்தியான வருடம் எத்தனை. பிழையும் இந்த இரண்டில் ஒன்றில்தான் ஒளிந்திருக்கும்.

வருடத்தை முதலில் எடுத்தோம். நியமனக் கடிதத்தின்படி அவன் சேர்ந்தது 2016 ஒக்டோபர் 17. விட்டது 2025 செப்டெம்பர் 30. எட்டு வருடம், பதினொரு மாதம், பதினான்கு நாள். நாங்கள் பேச்சுவழக்கில் ஒன்பது வருடம் என்போம். சட்டத்துக்கு அது எட்டு. இன்னும் 16 நாள், ஒக்டோபர் 16 மாலை வரை, பொறுத்திருந்தால் ஒன்பதாவது வருடம் பூர்த்தியாகி இன்னொரு பாதிச் சம்பளம் சேர்ந்திருக்கும்.

"முன்னமே ஒருத்தரும் சொல்லேல்லையே அக்கா" என்றான். சொல்லமாட்டார்கள். விலகல் கடிதம் எழுதும்போது அநேகமானோர் மாதக் கடைசியைத்தான் போடுகிறார்கள், கணக்குப் பார்ப்பவருக்கும் அதுதான் வசதி. சேர்ந்த திகதியை ஒருதரம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள். ஐந்தாவது வருடத்தின் ஓரத்தில் நிற்பவருக்கு இது இன்னும் பெரிய விஷயம். ஐந்து வருடம் பூர்த்தியாகாவிட்டால் இந்தச் சட்டத்தின்கீழ் பணிக்கொடை கிடையாது. நான்கு வருடமும் 360 நாளும் என்றால் கையில் பூச்சியம்.

அடுத்தது சம்பளம். அவனுடைய செப்டெம்பர்ச் சம்பளச் சிட்டையில் நான்கு வரிகள் இருந்தன. அடிப்படைச் சம்பளம் 78,000. வாழ்க்கைச் செலவுப் படி 12,000. போக்குவரத்து 10,000. ஒழுங்காக வேலைக்கு வந்ததற்கான ஊக்கத்தொகை 5,000. எல்லாமாக 105,000.

இதில் எது "சம்பளம்"? சட்டம் அடிப்படைச் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப் படியையும், விசேட வாழ்க்கைப் படியையும், அவைபோன்ற படிகளையும் சேர்க்கச் சொல்கிறது. ஓவர்டைம் சேராது. வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை என்ற ஊக்கத்தொகையையும் நாங்கள் சேர்ப்பதில்லை. போக்குவரத்துத்தான் இழுபறி. பெற்றோல் பில்லுக்கு எதிராகக் கொடுத்தால் அது செலவை ஈடுசெய்யும் காசு. எல்லோருக்கும் ஒரே தொகையாக, கேள்வியில்லாமல் மாதாமாதம் வந்தால் அதுவும் சம்பளம்தான் என்று வாதாட இடமுண்டு. தம்பியுடையது பில் கொடுத்து வாங்கியது, ஆகவே அதை விட்டோம். மிஞ்சுவது 78,000உம் 12,000உம் சேர்ந்த 90,000.

பாதி 45,000. எட்டால் பெருக்கினால் 360,000. கொம்பனித் தாளில் இருந்த 312,000 எப்படி வந்தது? 39,000ஐ எட்டால் பெருக்கியது. அதாவது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்து, வாழ்க்கைச் செலவுப் படியை விட்டுவிட்டார்கள். 48,000 ரூபாய் அங்கே காணாமல் போயிருந்தது.

இதை நிரூபிக்கச் சட்டப் புத்தகம்கூடத் தேவைப்படவில்லை. அதே தாளில் நாலு வரி கீழே ஊழியர் சேமலாப நிதிக்கான கழிவு இருந்தது: 7,200 ரூபாய். ஊழியரின் பங்கு எட்டு வீதம். எட்டு வீதம் 7,200 என்றால் முழுத்தொகை 90,000. அதற்குக் கீழே லீவுக் கணக்கில் ஒருநாள் சம்பளம் 3,000 என்று போட்டிருந்தார்கள். 30ஆல் பெருக்கினால் அதுவும் 90,000. சேமலாப நிதிக்கும் லீவுக்கும் 90,000 ஆக இருந்த மனிதன் பணிக்கொடைக்கு மட்டும் 78,000 ஆகச் சுருங்கிவிட்டான். இறுதிக் கணக்கு கையில் வந்தால் நான் முதலில் செய்யும் வேலை இதுதான். ஒவ்வொரு வரியையும் பின்னோக்கிப் பிரித்து, எல்லாம் ஒரே சம்பளத்தில் இருந்துதான் கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

இங்கே ஒரு கணம் நின்று "கடைசியாக எடுத்த சம்பளம்" என்ற சொல்லைப் பாருங்கள். 2016இல் தம்பி சேர்ந்தபோது சம்பளம் 32,000. அந்த முதல் வருடத்துக்கான பணிக்கொடையும் இன்று 90,000இன் பாதியாகத்தான் கணக்கிடப்படுகிறது. கடைசிச் சம்பளம் பின்னால் கிடக்கும் வருடங்கள் அத்தனையையும் தூக்கிவிடுகிறது. அதனால் சம்பள உயர்வு எந்தத் தலைப்பில் வருகிறது என்பது முக்கியம். போக்குவரத்து என்ற பெயரில் வந்த அந்த 10,000 ரூபாயும் அவனுக்கு 2024 உயர்வாகத்தான் கிடைத்தது. அது அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்திருந்தால் பணிக்கொடை இன்னும் 40,000 கூடியிருக்கும். மாதம் கைக்கு வரும் காசில் பெரிய வித்தியாசம் தெரியாததால் அப்போது சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருந்தான். கொம்பனிகள் இதைத் தெரிந்தேதான் செய்கின்றன என்பது என் எண்ணம்.

லீவுக் காசு அவ்வளவு சிக்கல் இல்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்கீழ் முதலாம் வருடம் கழிந்தவருக்கு வருடாந்த லீவு 14 நாள், அமைய லீவு 7 நாள். வேலையை விடும்போது காசாக மாறுவது வருடாந்த லீவு. அமைய லீவு திடீர்த் தேவைக்கென்று வைத்தது, எடுக்காவிட்டால் போய்விடும். தம்பிக்கு நான்கு நாள் அமைய லீவு மிச்சம் இருந்தது, அதற்கு ஒரு வரியும் இல்லை. அது சரிதான்.

வருடாந்த லீவில் இரண்டு வரிகள் இருந்ததால் குழம்பிப்போனான். ஒன்று 5 நாள், மற்றது 10.5 நாள். 2025இல் நாம் எடுக்கும் லீவு 2024இல் உழைத்ததற்கானது. அதில் அவன் ஒன்பது நாள் எடுத்துவிட்டான், ஐந்து மிச்சம். 2025இல் ஒன்பது மாதம் உழைத்ததற்கான லீவை 2026இல் அல்லவா எடுத்திருப்பான்? அதைத்தான் 14ஐ ஒன்பது மாதத்துக்கு விகிதப்படி பிரித்து 10.5 என்று போட்டிருந்தார்கள். இந்த இரண்டாவது வரியே இல்லாத தாள்களையும் கண்டிருக்கிறேன். இல்லையென்றால் வாய்திறந்து கேளுங்கள். மொத்தம் 15.5 நாள், நாளுக்கு 3,000, ஆக 46,500 ரூபாய்.

"நான் மாதத்தில 22 நாள்தானே வேலைக்குப் போறன், ஏன் முப்பதால பிரிக்கினம்?" என்று கேட்டான். மாதச் சம்பளம் ஞாயிறுக்கும் போயாவுக்கும் சேர்த்துத்தான் வருகிறது என்பது முப்பதுக்காரரின் நியாயம். 26ஆல் பிரிக்கும் இடங்களும் உண்டு. நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பாருங்கள்.

பிறகு தாளின் அடியில் இருந்த ஒரு வரியைக் காட்டினான். காணாமல்போன பழைய ஸ்கேனர் ஒன்றுக்காகப் பணிக்கொடையில் 18,500 கழித்திருந்தார்கள். மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சேதம் விளைவித்தல், பொருள் நட்டம் ஏற்படுத்தல் போன்ற காரணங்களுக்காக ஒருவருடைய சேவை முடிவுறுத்தப்பட்டால், அந்த நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையை அவர் இழப்பார் என்று சட்டம் சொல்கிறது. தானாக விலகிக்கொண்ட தம்பி அந்த வாசலுக்குள் வரவே இல்லை.

அன்றிரவே ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினோம். கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை. 7,200ஐயும் 3,000ஐயும் காட்டி, 90,000இல் இருந்து பணிக்கொடையைத் திருத்தும்படியும், ஸ்கேனர் வரியை எடுத்துவிடும்படியும் கேட்டிருந்தோம். கடைசியில் திகதி ஒன்றையும் நினைவூட்டினோம். பணிக்கொடையை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், அதாவது ஒக்டோபர் 30. பிந்தினால் மேலதிகக் கட்டணம் உண்டு. முதல் மாதத் தாமதத்துக்கு 10 வீதம், தாமதம் ஒரு வருடத்தைத் தாண்டினால் 30 வீதம் வரை ஏறும். 360,000க்குப் பத்து வீதம் 36,000. இந்த ஒரு வரி கணக்காளரின் மேசையில் கடிதத்தை மேலே கொண்டுவந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் ஏதாவதொரு நாளிலாவது பதினைந்து பேர் வேலை செய்த இடத்துக்குத்தான் இந்தப் பணிக்கொடைக் கட்டாயம். சின்னக் கடைக்காரரிடம் வேலை செய்தவர் தொழில் நியாய சபைக்குத்தான் போக வேண்டும்.

"ஈ.பி.எஃப் காசு ஏன் தாளில இல்லை?" என்று போகும்போது கேட்டான். அந்தச் சேமலாப நிதிக் காசு கொம்பனியிடம் இல்லை, மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கிறது. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் எடுப்பது அது. ஊழியர் நம்பிக்கை நிதியை வேலையை விட்டதும் கேட்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருதரம்தான்.

ஒக்டோபர் 24ஆம் திகதி புதிய தாள் வந்தது. பணிக்கொடை 360,000. ஸ்கேனர் வரி இல்லை. தாளின் அடியில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். காசு வங்கிக்கு வந்ததைக் கைபேசியில் பார்த்த பிறகு போட்டான்.