தண்ணீர் ஊற்றினால் பசும்பால் தாய்ப்பாலாகுமா?

தாய்ப்பாலிலும் பசும்பாலிலும் 100 மில்லியில் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான்: சுமார் 65 கலோரி. கொழுப்பிலும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் மூன்றரை கிராமை ஒட்டியே இருக்கும். புரதத்தில்தான் கதை மாறுகிறது. தாய்ப்பாலில் அது சுமார் 1.1 கிராம், பசும்பாலில் 3.3 கிராம். லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இதற்குத் தலைகீழ்: தாய்ப்பாலில் 7 கிராம், பசும்பாலில் 4.7 கிராம்.

கன்று பிறந்த எடையை ஏழெட்டு வாரங்களில் இரட்டிப்பாக்கிவிடும். மனிதக் குழந்தைக்கு அதற்கு நான்கைந்து மாதங்கள் வேண்டும். வேகமாகத் தசையும் எலும்பும் வளர்க்கும் உடலுக்குப் புரதமும் தாது உப்புகளும் அதிகம் தேவை. மெதுவாக வளரும் உடலுக்கு அவை மிகுந்தால் சுமை. வளர்ச்சிக்குப் பயன்படாத புரதத்தை உடல் உடைத்து யூரியாவாக்குகிறது. அந்த யூரியாவையும் மிச்ச உப்புகளையும் சிறுநீரகம் தண்ணீரோடு சேர்த்தே வெளியேற்ற வேண்டும். பிறந்த சில வாரங்களில் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைவு என்பதால் அதற்கு நிறையத் தண்ணீர் செலவாகும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து உடலில் நீர் குறையும்போதுதான் இந்தச் சுமையின் ஆபத்து வெளிப்படும்.

‘அப்படியானால் தண்ணீர் கலந்து கொடுத்தால் போயிற்று’ என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 கிலோ எடையுள்ள குழந்தை நாளுக்குச் சுமார் 750 மில்லி பால் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாய்ப்பாலில் அதற்குக் கிடைக்கும் புரதம் 8 கிராம். பசும்பாலில் 25 கிராம். ஒரு பங்கு பசும்பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றினால் 100 மில்லியில் புரதம் 1.1 கிராமுக்கு இறங்கிவிடும், சரி. ஆனால் கொழுப்பும் 1.2 கிராமாகும், லாக்டோஸ் 1.6 ஆகும், ஆற்றல் 22 கலோரிக்கு விழும். பழைய ஆற்றலைப் பெற அதே குழந்தை இரண்டே கால் லிட்டர் குடிக்க வேண்டும். குடித்தால், கூட்டிப் பாருங்கள், மறுபடியும் 25 கிராம் புரதம்! அவ்வளவு குடிக்கவும் அதனால் முடியாது. வயிறு நிறையும், எடை ஏறாது.

ஃபார்முலா என்னும் குழந்தைப் பால்மாவைத் தயாரிப்பவர்கள் தீர்க்கும் சிக்கல் இதுதான். கொழுப்பு நீக்கிய பசும்பாலை எடுத்துப் புரதத்தைக் குறைக்கிறார்கள். இழந்த ஆற்றலை லாக்டோஸையும் தாவர எண்ணெய்களையும் சேர்த்து ஈடுகட்டுகிறார்கள். கரைத்த 100 மில்லியில் கொழுப்பு 3.5 கிராம், லாக்டோஸ் 7 கிராம் அளவில் நிற்கும். புரதம் மட்டும் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 கிராம் வரை, தாய்ப்பாலைவிடச் சற்றுக் கூடுதலாகவே வைக்கப்படுகிறது. இது கவனக்குறைவு அல்ல. பசும்பால் புரதத்தில் பெரும்பகுதி, சுமார் 80 சதவீதம், திரியும்போது கட்டியாகும் கேசீன். தாய்ப்பாலில் தெளிநீரில் தங்கும் புரதங்களே மிகுதி. பல ஃபார்முலாக்களில் தெளிநீர்ப் புரதத்தைத் தனியாகச் சேர்த்து அந்த விகிதத்தைச் சரிசெய்தாலும், அமினோ அமிலங்களின் கலவை தாய்ப்பாலைப் போலவே அமைவதில்லை. டிரிப்டோஃபான் போன்றவை குறையாமல் கிடைக்க, மொத்தப் புரதத்தையே கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கிறது.

லாக்டோஸ் தாய்ப்பாலில் ஏன் இவ்வளவு? அது உருவாகும்போது தன்னோடு தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. பாலின் கரைபொருள் செறிவு இரத்தத்தின் செறிவுக்குச் சமமாகவே இருக்கும் என்பதால், லாக்டோஸ் கூடிய பாலில் உப்புகளுக்கு இடம் குறைகிறது. பசும்பாலில் லாக்டோஸ் குறைவு, உப்புகள் அதிகம். செறிவு இப்படிச் சமமாக இருக்க வேண்டியிருப்பதால்தான் தாய்ப்பாலில் லாக்டோஸ் அளவு நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை. கொழுப்போ ஒரே முறை பாலூட்டும்போதுகூட மாறும்: தொடக்கத்தில் குறைவாகவும், மார்பு காலியாகக் காலியாக அதிகமாகவும் இருக்கும். ஒரு வேளைப் பாலை மட்டும் சோதித்துவிட்டு ‘பாலில் சத்தில்லை’ என்று சொல்வது அர்த்தமற்றது.

ஃபார்முலாவில் இந்த விகிதம் கலக்கும் கையைப் பொறுத்தது. டப்பாவில் 90 மில்லிக்கு 3 கரண்டி என்று போட்டிருக்க, குழந்தை நன்றாக வளரட்டும் என்று 4 கரண்டி போட்டால் 100 மில்லியில் புரதம் 1.4 கிராமிலிருந்து 1.8 கிராமுக்கு மேல் போகும். உப்புகளும் மூன்றில் ஒரு பங்கு கூடும். குழந்தைக்குத் தாகம் எடுக்கும், அழும். அதைப் பசி என்று எண்ணி மறுபடி அதே பாலைக் கொடுத்தால் இரத்தத்தில் சோடியம் ஏறிக்கொண்டே போகும். சிறுநீர் குறைந்து அடர்நிறமாவதும் குழந்தை சோர்ந்து கிடப்பதும் அபாய அறிகுறிகள். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கரண்டியின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால், ஒரு டப்பாவின் கரண்டியை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. முதலில் தண்ணீரை அளந்து ஊற்றிவிட்டு, குவியாமல் மட்டமாக வழித்த கரண்டியால் மாவைச் சேர்ப்பதே முறை.