கோண உந்தமா, சுழல் உந்தமா?

கோள்கள் சூரியனை நெருங்கும்போது விரைகின்றன, விலகும்போது தளர்கின்றன. இதற்குக் காரணம் சொல்லும் தமிழ்க் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் ‘சுழல் உந்தம் மாறாமல் இருப்பதால் கோள் வேகமெடுக்கிறது’ என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பொறுக்கவில்லை. ‘கோண உந்தம்’ என்ற நல்ல சொல் பாடநூல்களில் பல காலமாக இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுக் கொண்டுவந்த இந்தப் புதுச்சொல், விளக்க வேண்டிய பொருளையே திரித்துவிடுகிறது.

சொற்பிறப்பை நீட்ட வேண்டியதில்லை. உந்துதல் என்றால் தள்ளுதல், செலுத்துதல். அதிலிருந்து பிறந்தது உந்தம். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது அது. ‘கோணம்’ வடசொல்தானே என்பவர்களுக்குக் கோணுதல், கோணல் ஆகியவை தமிழில் உயிரோடு இருப்பதைச் சுட்டிக்காட்டுவேன். அந்தப் பூசல் எப்படி முடிந்தாலும் முக்கோணத்தை யாரும் விடப்போவதில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். சூரியனிலிருந்து கோளுக்கு ஒரு கோடு இழுங்கள். கோளின் திசைவேகத்தில் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக உள்ள பகுதியை மட்டும் எடுத்து, தூரத்தாலும் நிறையாலும் பெருக்கினால் கிடைப்பது கோண உந்தம். புதனைப் பாருங்கள். சூரியனுக்கு மிக அருகில் வரும்போது அதன் தூரம் 4.60 கோடி கிலோமீட்டர், வேகம் நொடிக்கு 59 கிலோமீட்டர். மிகத் தொலைவில் தூரம் 6.98 கோடி, வேகம் ஏறத்தாழ 38.9. இரண்டு இடங்களிலும் தூரத்தை வேகத்தால் பெருக்கிப் பாருங்கள். இங்கும் ஏறத்தாழ 271 கோடி, அங்கும் ஏறத்தாழ 271 கோடி. நிறை மாறுவதில்லை. ஆகவே கோண உந்தமும் மாறவில்லை.

இந்த எளிய பெருக்கல் அந்த இரு முனைகளில் மட்டுமே பலிக்கும். இடையில் 5.79 கோடி கிலோமீட்டர் தூரத்தில் புதனின் வேகம் நொடிக்கு 47.9. அப்படியே பெருக்கினால் 277 கோடி வரும், கணக்கு உதைக்கும். அங்கே புதன் சூரியனை நோக்கியோ விலகியோ நொடிக்குப் பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்துகொண்டும் இருக்கிறது. அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டால் செங்குத்துப் பகுதி ஏறத்தாழ 46.9 என்று நிற்கும், பெருக்கலும் 271 கோடிக்கே திரும்பும்.

ஏன் மாறவில்லை? இங்கேதான் இன்னொரு அரைகுறை விளக்கம் உலவுகிறது: ‘அருகில் ஈர்ப்பு அதிகம், அதனால் வேகம் அதிகம்.’ அண்மைப் புள்ளியைக் கடந்த அடுத்த நாளிலும் ஈர்ப்பு கிட்டத்தட்ட உச்சத்தில்தான் இருக்கிறது. ஆனால் கோள் வேகத்தை இழக்கத் தொடங்கிவிட்டது. ஈர்ப்பின் அளவு மட்டும் காரணமென்றால் இது நடக்கக் கூடாது. உள்நோக்கி வரும்போது ஈர்ப்பின் ஒரு பங்கு கோள் செல்லும் திசையில் விழுகிறது, கோள் விரைகிறது. வெளிநோக்கிப் போகும்போது அதே பங்கு எதிர்த்திசையில் விழுகிறது, கோள் தளர்கிறது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதிலும் ஈர்ப்பு சூரியனை நோக்கியே இருப்பதால், சூரியனைச் சுற்றிக் கோளைத் திருப்பிவிடும் விசை சிறிதும் இல்லை. திருப்பு விசை இல்லையென்றால் கோண உந்தம் மாறாது. கெப்ளர் 1609-இல் வெளியிட்ட பரப்பு விதி, அதாவது சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சம பரப்பைக் கடக்கும் என்பது, இதன் வடிவியல் முகம்தான். ஈர்ப்பு தூரத்தோடு எப்படிக் குறைந்தாலும், அது ஒரே புள்ளியை நோக்கி இருந்தால் போதும், பரப்பு விதி நிற்கும் என்று 1687-இல் நியூட்டன் நிறுவினார்.

இப்போது ‘சுழல்’ என்ற சொல் செய்யும் கேட்டைப் பாருங்கள். தமிழில் சுழலுதல் வேறு, சுற்றுதல் வேறு. பம்பரம் தன் அச்சில் சுழல்கிறது. கோள் தன் அச்சில் சுழன்றுகொண்டே சூரியனைச் சுற்றுகிறது. சிறுவர்களுக்கும் தெரிந்த வேறுபாடு இது. சூரியனைச் சுற்றும் ஓட்டத்துக்கு உரிய அளவைச் சுழல் உந்தம் என்று எழுதினால், கோள் சூரியனை நெருங்கும்போது அதன் தற்சுழற்சி வேகமெடுக்கிறது, பகலும் இரவும் சுருங்குகின்றன என்றுதான் வாசகர் படிப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது. சொல் அப்படித்தான் சொல்கிறது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. கைகளை மடக்கிக்கொண்டு வேகமாகச் சுழலும் பனிச்சறுக்கு வீராங்கனையின் படத்தைப் பார்த்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். அங்கே சுழற்சி பொருத்தம்தான். ஆனால் நேர்கோட்டில் விலகிப்போகும் பொருளுக்கும், வெளியிலுள்ள ஒரு புள்ளியைப் பொறுத்துக் கோண உந்தம் உண்டு. அதில் எந்தச் சுழற்சியும் இல்லை. ஓர் எடுத்துக்காட்டின் தோற்றத்தைக் கலைச்சொல்லின் பெயராக ஆக்கியது பெரும்பிழை. தூய தமிழ் என்று அதை ஆதரிப்பவர்களோடு எனக்கு மனத்தாங்கல் உண்டு. தூய்மையை நானும் விரும்புகிறேன், பொருள் கெடாத வரையில்.

புதனே இதற்குச் சரியான சான்று. அது தன் அச்சில் 58.6 நாளுக்கு ஒருமுறை சுழல்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 6.1 பாகை, பாதையின் எந்த இடத்திலும் அதே சீரில். சூரியனைச் சுற்றும் கோண வேகமோ தொலைவில் நாளொன்றுக்கு 2.8 பாகை, அருகில் 6.3 பாகை. அண்மைப் புள்ளியை ஒட்டிய சுமார் எட்டு நாட்களுக்குச் சுற்று சுழற்சியை முந்திவிடுகிறது. அப்போது புதனின் வானத்தில் சூரியன் நின்று, பின்னோக்கி நகர்ந்து, மறுபடி தன் வழியே போகிறது. புதனின் சில இடங்களில் எழுந்த சூரியன் மறைந்து மீண்டும் எழும். சுற்றும் சுழற்சியும் இரண்டு தனிக் கணக்குகள் என்பதால்தான் இது நிகழ்கிறது. ‘சுழல் உந்தம்’ என்று எழுதுபவர் இந்தக் காட்சியை எந்தச் சொற்களால் விளக்குவார்?

மேலே உள்ள எண்கள் இன்னொரு பிழையையும் வெளிப்படுத்துகின்றன. அவசரத்தில் சிலர் ‘கோண வேகம் மாறாது’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். கோண வேகம் 2.8-இலிருந்து 6.3 ஆகிறது, இரண்டு மடங்குக்கும் மேல். நேர்வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. மிக அதிகமாக மாறுவதையே மாறாதது என்கிறார்கள். மொழிபெயர்ப்பவர் ஒரு கோளின் இரண்டு எண்களை எடுத்துப் பெருக்கிப் பார்த்திருந்தால் அந்த வரி அச்சேறியிருக்காது. கணக்கைத் தொடாமல் சொல்லை மட்டும் மாற்றிவைக்கும் பழக்கம் நம் அறிவியல் எழுத்தில் பெருகிவருவது வேதனையாக இருக்கிறது.

கோண உந்தம் என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்வோம். பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் சூரியனைச் சுற்றுவதற்குரியதைச் ‘சுற்றுக் கோண உந்தம்’ என்றும், அச்சில் சுழல்வதற்குரியதைத் ‘தற்சுழற்சிக் கோண உந்தம்’ என்றும் எழுதலாம். நீளம்தான், ஆனால் புதனின் வானத்தை இந்த இரண்டையும் கொண்டு எழுதிவிட முடியும்.