விமானத்தில் பெட்டி தொலைந்துபோனால் எவ்வளவு கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்து இறங்குகிறீர்கள், பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது, செக்-இன்னில் போட்ட பெட்டி மட்டும் வரவில்லை. கவுண்டரில் இருப்பவர் "நாளைக்கு வந்துடும் சார், வீட்டுக்கே அனுப்பிடுவோம்" என்பார். வரலாம், பெரும்பாலும் வந்தும்விடும். ஆனால் அந்த வார்த்தையை நம்பி வெறுங்கையோடு வெளியே போய்விடாதீர்கள், அங்கேயே பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ப் பதிவைப் போடச் சொல்லுங்கள். விமான நிலையக் குறியீடு, நிறுவனக் குறியீடு, அதன்பின் ஐந்து எண்கள் என்று ஒரு பதிவு எண் தருவார்கள். அந்தத் தாளும் போர்டிங் பாஸும், செக்-இன்னில் ஒட்டிக் கொடுத்த பத்து இலக்க டேக் துண்டும்தான் பெட்டியை நீங்கள் ஒப்படைத்தீர்கள், அது உங்கள் கைக்கு வரவில்லை என்பதற்குச் சாட்சி. மூன்றையும் உடனே போட்டோ எடுத்து வையுங்கள்.

இப்போது சட்டம். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பொருந்துவது விமான நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய சர்வதேச ஒப்பந்தமான மான்ட்ரியல் உடன்படிக்கை. 1972-ஆம் ஆண்டு கேரேஜ் பை ஏர் சட்டத்தில் 2009-இல் செய்த திருத்தம் மூலம் அது இந்தியச் சட்டமாகவே ஆகிவிட்டது, சிங்கப்பூரும் அதில் இருக்கிறது. அதன்படி பெட்டி வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து 21 நாள் கழிந்தும் வரவில்லை என்றால், அல்லது அதற்கு முன்பே நிறுவனம் தொலைந்துவிட்டதாக ஒப்புக்கொண்டால், நீங்கள் நஷ்டஈடு கேட்கலாம். நிறுவனத்தின் தவறு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, பெட்டி அவர்கள் பொறுப்பில் இருந்தபோது காணாமல் போனது என்பதே போதும்.

எவ்வளவு கிடைக்கும்? உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (2024 டிசம்பர் 28 முதல், அதற்கு முன் 1,288). எஸ்.டி.ஆர். என்பது ஐ.எம்.எஃப்.பின் கணக்கு அலகு, ரூபாயில் அதன் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும், மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குள் மட்டும் பறந்தால் கதை வேறு, அங்கே உச்சவரம்பு ஒரு பயணிக்கு ரூ.20,000.

நிறையப் பேர் இந்தத் தொகை அப்படியே கைக்கு வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வராது. அது அதிகபட்சம்தான், அதற்குள் எவ்வளவு இழந்தீர்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். 2020-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதைத்தான் சொன்னது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் உள்ளே இருந்த பொருட்களின் பட்டியல்தான்.

அதை எப்படி எழுதுவது? "துணிமணிகள் ரூ.30,000, பரிசுப் பொருட்கள் ரூ.20,000" என்று எழுதினால் கோப்பைப் பார்ப்பவர் நேரடியாகப் பாதியாக வெட்டுவார். ஒரு பொருளுக்கு ஒரு வரி: என்ன பொருள், எப்போது எங்கே வாங்கியது, வாங்கிய விலை, இப்போது கேட்கும் விலை, என்ன ஆதாரம். உதாரணமாக: "பிள்ளையின் ஸ்கூல் ஷூ, புதிது, போன வாரம் வாங்கியது, 45 சிங்கப்பூர் டாலர், பில் இணைப்பு 3." அடுத்த வரி: "பட்டுப்புடவை, 2023-இல் திருச்சியில் ரூ.8,500-க்கு வாங்கியது, இரண்டு முறை கட்டியது, கேட்பது ரூ.6,500, கல்யாணப் போட்டோ இணைப்பு 7." பழைய பொருளுக்குப் புது விலை கேட்காதீர்கள், நீங்களே தேய்மானம் கழித்துக் காட்டினால் மற்ற வரிகளையும் நம்புவார்கள். காலிப் பெட்டியும் ஒரு பொருள்தான், அதற்கும் ஒரு வரி போடுங்கள், பலர் மறந்துவிடுவது இதை.

இன்னொன்று, எடை. செக்-இன்னில் போட்ட எடை நிறுவனத்தின் பதிவில் இருக்கும். 23 கிலோ பெட்டிக்கு நீங்கள் எழுதிய பொருட்களைக் கூட்டினால் 35 கிலோ வருகிறது என்றால் முழுப் பட்டியலும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். அனுப்பும் முன் ஒரு தடவை தோராயமாகக் கூட்டிப் பாருங்கள்.

பில் இல்லாததற்கு என்ன செய்வது? பல கடை பில்கள் வெப்பத்தாளில் அடித்தவை, நாளாவட்டத்தில் எழுத்து மங்கிவிடும், அதனால் மிச்சம் இருப்பதை இன்றே போட்டோ எடுங்கள். சிங்கப்பூர் முஸ்தபா கடையில் கார்டில் வாங்கியிருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கையில் தேதியும் தொகையும் நிற்கும். ஆன்லைனில் வாங்கியதற்கு மெயில் இருக்கும். மற்றதற்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ போதும். எதுவுமே இல்லாத எட்டு பழைய சட்டைக்கும் வரி எழுதலாம், ஆனால் சட்டைக்கு 200 ரூபாய் போல அடக்கமாக.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பில் உள்ளவை ரூ.31,000, வங்கி அறிக்கையும் போட்டோவும் உள்ளவை ரூ.18,000, ஆதாரம் இல்லாதவை ரூ.9,000, பெட்டி வராததால் அவசரத்துக்கு வாங்கிய துணி, சோப்பு, மருந்து ரூ.4,000. மொத்தம் ரூ.62,000. உச்சவரம்புக்குள்தான் இருக்கிறது. இதை மெயிலில் அனுப்புகிறீர்கள், பதில் வருகிறது: "கிலோவுக்கு 20 டாலர் வீதம் 23 கிலோவுக்கு 460 டாலர் தருகிறோம்." ஏமாந்துவிட வேண்டாம், இது பழைய வார்சா உடன்படிக்கைக் காலத்துக் கணக்கு. மான்ட்ரியல் பொருந்தும் பயணத்தில் கிலோ கணக்கே கிடையாது, வரம்பு ஆளுக்குத்தான். அதைச் சுட்டிக்காட்டி, எந்த வரியை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். 'முழுத் தீர்வாக ஏற்கிறேன்' என்ற படிவம் வந்தால் தொகை உங்களுக்குச் சரிப்பட்டால் மட்டும் கையெழுத்து, அதற்கு அப்புறம் மீதியைக் கேட்பது ரொம்பக் கஷ்டம்.

ஆளுக்கு என்றேன் அல்லவா, அதில் ஒரு சங்கதி இருக்கிறது. கணவர் பெயரில் டேக் போட்ட ஒரே பெட்டியில் மனைவி, பிள்ளை சாமானும் இருந்தால், அவர்களும் அதே விமானத்தில் வந்தவர்கள் என்றால், பட்டியலில் யாருடையது எது என்று தனிப் பத்தி வைத்து மூவர் பெயரிலும் கேளுங்கள். 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. நம் ஊர் நுகர்வோர் ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு உதவும். பெட்டியில் இருந்தவை வரம்பைத் தாண்டும் குடும்பத்துக்குத்தான் இது முக்கியம்.

நகை, ரொக்கம், லேப்டாப் போன்றவற்றை ஏற்கமாட்டோம் என்று டிக்கெட் நிபந்தனையில் எழுதியிருப்பார்கள், அந்த வரிகளில் தகராறு நிச்சயம். அதனால் அவற்றைத் தனியாகக் கடைசியில் போடுங்கள், மற்ற வரிகளுக்கான பணத்தை அது இழுத்துப் பிடிக்காது.

பெட்டி தாமதமாக வந்து சேர்ந்தால் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், வந்தும் உள்ளே பொருள் குறைந்தோ உடைந்தோ இருந்தால் 7 நாளுக்குள், புகார் எழுத்தில் போக வேண்டும். இந்தக் கெடு போனால் வழக்கும் போச்சு.

நிறுவனம் இழுத்தடித்தால் அங்கே புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு, பிறகு விமானத் துறை அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில், கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அதற்கும் மசியவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ஆனால் விமானம் வந்திறங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். நிறுவனத்தோடு மெயிலில் பேசிக்கொண்டிருந்த காலத்தை அதிலிருந்து கழிக்கமாட்டார்கள்.